உப்பில் சோடி கிடையாது

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கரும்பலகையில் வரைந்த படத்தில் இருந்து இந்தக் கதையைத் தொடங்குகிறேன். தூத்துக்குடிப் பக்கம், உப்பளங்களுக்கு நடுவே உள்ள ஒரு சிறிய ஊரின் பள்ளியில் அப்போது நான் அறிவியல் ஆசிரியை. எங்களுக்கு ஆய்வகம் கிடையாது. ஒரு பீரோவுக்குள் நாலைந்து சோதனைக் குழாயும் விளிம்பு உடைந்த ஒரு பீக்கரும் மட்டும் இருந்தன. வேதிப்பிணைப்பு பாடத்துக்கு அவை எதற்கும் உதவாது. அதனால் வீட்டில் இருந்தே பொருள் கொண்டுவரச் சொன்னேன். பெண் பிள்ளைகள் பழைய வளையல் கொண்டுவந்தார்கள். பையன்கள் ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை.

வளையல்தான் அணுவின் வெளிக்கூடு, புளியங்கொட்டைதான் எலக்ட்ரான். உட்கூடுகளில் இருக்கும் எலக்ட்ரான்கள் பிணைப்பில் சேர்வதில்லை என்பதால் அவற்றை வைக்கவில்லை. சோடியத்துக்கு ஒரு வளையல், அதற்குள் ஒரே ஒரு கொட்டை. குளோரினுக்கு இன்னொரு வளையல், அதற்குள் ஏழு. சோடியத்தின் ஒற்றைக் கொட்டையை எடுத்து குளோரினில் போட்டால் குளோரினுக்கு எட்டாகிவிடும். சோடியத்தின் வளையல் காலி. காலியான வளையலை அப்படியே விடக் கூடாது, எடுத்துவிட வேண்டும். வெளிக்கூடே போய்விட்டது, அதற்கு அடியில் ஏற்கெனவே எட்டு எலக்ட்ரானோடு நிறைந்த கூடு இருக்கிறது. ஓர் எதிர்மின்னை இழந்த சோடியம் நேர்மின் அயனி. அதைப் பெற்ற குளோரின், குளோரைடு என்னும் எதிர்மின் அயனி. இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். இதுதான் அயனிப் பிணைப்பு.

தண்ணீருக்கு வளையல்களை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி வைக்க வேண்டும். பெரிய வளையல் ஆக்சிஜன், அதற்கு ஆறு கொட்டை. கைக்குழந்தையின் சின்ன வளையல் இரண்டும் ஹைட்ரஜன், அவற்றுக்குத் தலைக்கு ஒன்று. சின்ன வளையல்கள் பெரியதன்மேல் ஏறி நிற்கும் இடங்களில், ஆக்சிஜன் ஒன்று ஹைட்ரஜன் ஒன்று என்று இரண்டிரண்டு கொட்டைகளை வைக்கிறோம். இப்போது பெரிய வளையலுக்குள் எண்ணினால் எட்டு, சின்ன வளையலுக்குள் எண்ணினால் இரண்டு. பொதுவில் கிடக்கும் கொட்டை இரண்டு கணக்கிலும் வருகிறது. யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை, பங்கு போட்டுக்கொள்கிறார்கள். இது சகப்பிணைப்பு. 1916-இல் அமெரிக்கர் கில்பர்ட் லூயிஸ் எலக்ட்ரான் இணையைப் பங்கிடுவதைப் பற்றியும், அதே ஆண்டில் ஜெர்மானியர் வால்தர் கோசல் எலக்ட்ரான் இடம் மாறி அயனி ஆவதைப் பற்றியும் எழுதினார்கள். அவர்கள் சொன்னதன் சாரத்தை நாங்கள் இரண்டு வளையல்களில் பார்த்துவிட்டோம்.

வகுப்பு நன்றாகப் போனதாகவே நினைத்தேன். மறுநாள் ஒரு பையனைக் கூப்பிட்டு, உப்புக் கல்லுக்குள் சோடியமும் குளோரினும் எப்படி இருக்கும் என்று வரையச் சொன்னேன். வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு சோடிகளை வரைந்தான். ஒவ்வொரு சோடிக்குள்ளும் ஒரு சோடியம், ஒரு குளோரின், நடுவில் ஒரு கோடு. சோடிக்கும் சோடிக்கும் இடையில் வெறும் இடம்.

“இந்த சோடியத்துக்கு இந்தப் பக்கமும் ஒரு குளோரின் இருக்கே, அது இத இழுக்காதா?” என்று கேட்டேன்.

“அது வேற சோடி, டீச்சர். இது எலக்ட்ரான் குடுத்தது அதுக்குத்தான? குடுத்த ஆளத்தான் பிடிக்கும்.”

வகுப்பே அவன் பக்கம் நின்றது. குற்றம் அவர்களுடையது அல்ல, என் வளையல்களுடையது. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கும் நாடகத்தை மட்டும் காட்டிவிட்டு நிறுத்தியிருந்தேன். அதைப் பார்த்தவர்கள் வேறு எப்படி நினைப்பார்கள்? இந்தப் புரிதல் எங்கள் பள்ளிக்கு மட்டும் உரியதும் அல்ல. வசதியான ஆய்வகங்கள் உள்ள பிரிட்டனில், இதே எண்ணம் மாணவர்களிடம் ஆழமாக வேரூன்றியிருப்பதைக் கீத் டேபர் என்ற கல்வி ஆய்வாளர் 1990-களில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். அங்கேயும் மாணவர்கள், எலக்ட்ரான் வாங்கிய குளோரினோடுதான் சோடியத்துக்குப் பிணைப்பு, மற்றவற்றோடு இருப்பது ஏதோ சும்மா ஒரு விசை என்றார்கள்.

கொஞ்சம் யோசித்தபின் எனக்குக் கிடைத்த பதில் பள்ளிக்கூட வாசலிலேயே இருந்தது. “நம்ம அளத்துல உப்பு விளையுதே, அங்க எந்த சோடியம் எந்த குளோரினுக்கு எலக்ட்ரான் குடுத்துச்சு?” என்று கேட்டேன்.

பாதிப் பிள்ளைகளின் பெற்றோர் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். உவர்நீரைப் பாத்திகளில் பாய்ச்சி வெயிலில் காயவிடுவதும், நீரின் அடர்த்தி ‘டிகிரி’ கணக்கில் ஏறி 25-ஐ எட்டும் வாக்கில் உப்பு இறங்கத் தொடங்குவதும் அவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த நீருக்குள் சோடியம் அணுவும் இல்லை, குளோரின் அணுவும் இல்லை. அயனிகள் ஏற்கெனவே அயனிகளாகத்தான் தனித்தனியே மிதக்கின்றன. வெயில் தண்ணீரை எடுத்துக்கொண்டு போகப் போக, அவை நெருங்கி அடுக்காகின்றன. எந்தக் கொடுக்கல் வாங்கலும் நடக்காமலே பாத்தி நிறைய உப்பு விளைகிறது. ஆகவே, யார் யாருக்குக் கொடுத்தார் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. நேர்மின் அயனி, தன்னைச் சுற்றி எந்த எதிர்மின் அயனி இருந்தாலும் எல்லாவற்றையும் ஒரே மாதிரி இழுக்கும். அந்த இழுவை முழுவதும்தான் அயனிப் பிணைப்பு.

வளையலை எடுத்து வைத்துவிட்டு மாவு பிசைந்தோம். இரண்டு டம்ளர் மைதா, ஒரு டம்ளர் தூள் உப்பு, பூரி மாவுப் பதத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். தண்ணீர் கூடினால் உருண்டை அமுங்கிப் போகும். பாதி மாவுக்கு மேல் மஞ்சள் தூள் சேர்த்தோம், மிச்சத்துக்குப் பீட்ரூட் சாறு. மஞ்சள் உருண்டை குளோரைடு, சிவப்பு சோடியம்.

அளவில் எல்லோரும் முதலில் தவறு செய்தார்கள். பாடப்புத்தகத்தில் சோடியம் அணு குளோரின் அணுவைவிடப் பெரியது என்று படித்திருந்ததால், சிவப்பு உருண்டையைப் பெரிதாகப் பிடித்தார்கள். அணுவாக இருக்கும்வரை அது சரி. வெளிக்கூட்டை இழந்த சோடியம் அயனி சுருங்கிவிடுகிறது, அதன் ஆரம் 102 பிக்கோமீட்டர்தான். ஓர் எலக்ட்ரான் கூடுதலாக வந்து சேர்ந்த குளோரைடு உப்பிப் போய் 181 ஆகிறது. நாங்கள் மஞ்சள் உருண்டையை 3.6 சென்டிமீட்டர் குறுக்களவிலும் சிவப்பை 2 சென்டிமீட்டரிலும் பிடித்தோம். பொரிவிளங்காய் உருண்டைக்குப் பக்கத்தில் கோலிக்குண்டை வைத்தமாதிரி இருக்கும். அன்று எடுத்துவிட்ட காலி வளையல் இப்போது பிள்ளைகளுக்குப் புரிந்தது.

மொத்தம் 27 உருண்டைகள், அதில் மஞ்சள் 14, சிவப்பு 13. தென்னை ஈர்க்கைத் துண்டாக்கிக் குத்தி, மூன்று தளமாகக் கட்டினோம். அடித்தளத்தில் மூன்றுக்கு மூன்று, நான்கு மூலையிலும் நடுவிலும் மஞ்சள், மற்ற நான்கு இடத்தில் சிவப்பு. நடுத்தளத்தில் நிறம் அப்படியே மாறும், மூலையிலும் நடுவிலும் சிவப்பு. மேல்தளம் மறுபடியும் அடித்தளத்தைப் போல. ஒரு நாள் நிழலில் காயவிட்டுத்தான் ஒன்றின்மேல் ஒன்று ஏற்ற முடிந்தது. அவசரப்பட்டு ஏற்றிய ஒரு குழுவின் உப்பு, அன்று மாலையே கொழுக்கட்டை மாதிரி சாய்ந்துவிட்டது.

கட்டி முடித்ததும் படம் வரைந்த அதே பையனிடம், நட்ட நடுவில் இருக்கும் சிவப்புக்கு எந்த மஞ்சள் சோடி என்று கேட்டேன். குனிந்து பார்த்தான். மேலே ஒன்று, கீழே ஒன்று, நான்கு பக்கமும் நான்கு. ஆறும் ஒரே தூரம், ஆறும் ஒரே அளவு. ஒரு மஞ்சளைச் சுற்றி எண்ணினாலும், ஓரத்துக்கு அப்பால் அடுக்கு தொடர்வதாக வைத்துக்கொண்டால், அதே ஆறு. சிறிது நேரம் பார்த்துவிட்டு, “சோடியே இல்லையே டீச்சர்” என்றான்.

அவன் தயங்கியதில் வியப்பில்லை. லாரன்ஸ் பிராக் 1913-இல் எக்ஸ் கதிர் கொண்டு உப்பின் உள்ளமைப்பைக் கண்டறிந்து, அதற்குள் தனித்த சோடியம் குளோரைடு மூலக்கூறு என்று எதுவுமில்லை என்பதை வெளிக்கொண்டுவந்தார். பதினான்கு ஆண்டுகள் கழித்தும் ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் என்ற மூத்த வேதியியலாளர் அதை ஏற்கவில்லை. சதுரங்கப் பலகைபோல அடுக்கி வைத்த உப்பைப் பகுத்தறிவு ஏற்காது என்று 1927-இல் நேச்சர் இதழுக்கே கடிதம் எழுதினார். ஆயுள் முழுவதும் வேதியியலில் வாழ்ந்தவருக்கே சோடியை விட மனம் வரவில்லை என்றால், 14 வயதுப் பையனுக்கு எப்படி உடனே வரும்? NaCl என்று எழுதுவது ஒரு சோடியின் பெயர் அல்ல, ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதக் கணக்கு மட்டுமே என்று இதற்குப் பிறகுதான் சொன்னேன்.

இந்த அடுக்கைக் கையில் வைத்துக்கொண்டு உண்மையான உப்பைப் பார்க்க வேண்டும். அளத்துக் கல் உப்பில் பெரிய கல்லாக எடுத்து, லென்சில் பார்த்தால் தட்டையான முகங்களும் செங்கோண மூலைகளும் தெரியும். ஒரு துணிக்குள் வைத்து லேசாகத் தட்டினால், நசுங்காமல், பெரும்பாலும் பட்டை பட்டையாகவே பிளக்கும். காரணத்தை மாதிரியிலேயே காட்டலாம். மேல்தளத்தின் ஈர்க்குகளை உருவிவிட்டு, அந்தத் தளத்தை ஓர் உருண்டை அகலம் நகர்த்துங்கள். இப்போது மஞ்சளின்மேல் மஞ்சள், சிவப்பின்மேல் சிவப்பு. ஒரே மின்னூட்டம் ஒன்றையொன்று தள்ளும், தளம் பிரிந்து போகும். இரும்பு ஆணியைத் தட்டினால் வளைகிறது, உப்பைத் தட்டினால் உடைகிறது. பிள்ளைகள் நெடுநேரம் இந்தத் தளத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நானும் தடுக்கவில்லை.

அடுத்தது தண்ணீர். இதற்குக் கொண்டைக்கடலை. எட்டு மணி நேரம் ஊறியதாக இருக்க வேண்டும். அதிகமாக ஊறினால் பிளந்துவிடும், குறைவாக ஊறினால் ஈர்க்கு இறங்காது. ஆக்சிஜனுக்குப் பெரிய கடலை, ஹைட்ரஜனுக்கு ஊறிய பச்சைப்பயறு. மறுநாள் காய்ந்து சுருங்கும்போது கடலை ஈர்க்கை இறுகப் பிடித்துக்கொள்ளும், பசையே வேண்டாம்.

இதிலும் எல்லோரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. ஒரே ஈர்க்கைக் கடலைக்குள் நேராகக் குத்தி, இரண்டு முனையிலும் பயற்றைச் செருகிவிடுவார்கள். தண்ணீர் மூலக்கூறு நேர்கோடு அல்ல, 104.5 டிகிரியில் வளைந்தது. ஏன் என்று காட்ட நான்கு பலூன் போதும். ஒரே அளவில் ஊதி, வாய்களைச் சேர்த்து முறுக்குங்கள். பலூன்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, தாமாகவே மூன்று கால் ஊன்றி ஒன்று வானம் பார்க்க நிற்கும். தட்டையாக அழுத்தினாலும் கையை எடுத்தவுடன் பழைய நிலைக்கே திரும்பும். ஆக்சிஜனைச் சுற்றி இருக்கும் நான்கு எலக்ட்ரான் இணைகளும் இப்படித்தான் இடம் தேடுகின்றன. அவற்றில் இரண்டில் மட்டுமே ஹைட்ரஜன் இருக்கிறது, மற்ற இரண்டும் பங்கு போடாத இணைகள். அந்த இரண்டு பலூன்களையும் வேறு நிறத்தில் வைத்தால், ஹைட்ரஜன் இரண்டும் வளைந்து நிற்பது கண்ணுக்கே தெரியும்.

பதினைந்து தண்ணீர் மூலக்கூறுகள் ஆனதும் எல்லாவற்றையும் ஒரு சுளகில் கொட்டிப் புடைக்கச் சொன்னேன். மெதுவாக அசைத்தால் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு புரள்கின்றன, அது திரவம். வேகமாகப் புடைத்தால் சுளகை விட்டுத் துள்ளிப் போகின்றன, அது ஆவி. கீழே விழுந்ததை எடுத்துப் பார்த்தால் கடலையும் பயறும் பிரியவில்லை, ஈர்க்கு அப்படியே இருக்கிறது. அதுவரை, தண்ணீர் கொதித்தால் ஹைட்ரஜன் வேறு ஆக்சிஜன் வேறாகிவிடும் என்று பாதிப்பேர் எழுதி வந்தார்கள். கொதிக்கும்போது அறுவது மூலக்கூறுக்கும் மூலக்கூறுக்கும் இடையில் உள்ள பலவீனமான இழுவைதான். மூலக்கூறுக்குள் இருக்கும் சகப்பிணைப்பு அறுவதில்லை. சாமி அறையில் திறந்து வைத்த கற்பூரம் தானாகக் கரைந்து காணாமல் போகிறதே, அப்போது மூக்கில் ஏறும் மணம் கற்பூர மூலக்கூறு முழுசாக வந்து சேர்வதால்தான்.

சுளகில் உப்பு அடுக்கை வைத்துப் புடைத்தால் துள்ளிப் போக அதில் தனி மூலக்கூறு கிடையாது. உருக வேண்டுமென்றால் அடுக்கே கலைய வேண்டும். அதற்கு 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். மெழுகை ஒரு கரண்டியிலும் உப்பை இன்னொரு கரண்டியிலும் வைத்து மெழுகுவத்திச் சுடரில் காட்டினோம். மெழுகு ஒரு நிமிடத்தில் இளகி ஓடியது. உப்பு அசையவில்லை. ஒரு மாணவி எழுந்து, “திருஷ்டி கழிச்சு அடுப்புல போட்டா உப்பு வெடிக்குதே டீச்சர், அது உருகுறது இல்லையா?” என்றாள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. அளத்தில் உப்பு இறுகும்போது கல்லுக்குள் துளித்துளியாக உவர்நீர் மாட்டிக்கொள்கிறது. அடுப்பில் போட்டதும் அந்த நீர் ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் கல்லைப் பிளக்கிறது. படபடவென்று கேட்பது அந்தச் சத்தம்தான். பிளந்த துணுக்குகளும் உப்புத்தான், அவையும் உருகியிருக்காது.

சர்க்கரையை மெழுகுக்குப் பதிலாக வைக்க வேண்டாம். சர்க்கரை இளகும்போதே பழுப்பாகிவிடும், அதன் மூலக்கூறுகளுக்குள் உள்ள பிணைப்புகளே உடைந்து வேறு பொருள்கள் ஆகின்றன. சுளகு சொன்ன பாடத்துக்கு அது நேர் எதிராகப் போய்விடும். சகப்பிணைப்பு என்றாலே லேசாக உருகும் என்றும் பிள்ளைகள் முடிவு செய்துவிடக் கூடாது. ஆற்று மணலில் சிலிக்கானும் ஆக்சிஜனும் சகப்பிணைப்பால்தான் கட்டப்பட்டிருக்கின்றன. ஆனால் அங்கே தனி மூலக்கூறு இல்லை, பிணைப்பு கல் முழுவதும் ஓடுகிறது. அது உருக உப்பைவிடப் பல நூறு டிகிரி கூடுதலாக வேண்டும்.

கடைசி நாள், இரண்டு மாதிரிகளையும் ஒரே மேசையில் சேர்த்தோம். வளைந்த தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் எலக்ட்ரான்கள் சற்றுக் கூடுதலாகச் சாய்ந்திருக்கும், அதனால் அந்தப் பக்கம் கொஞ்சம் எதிர்மின். உப்பு அடுக்கின் ஓரத்தில் இருக்கும் சிவப்பு உருண்டையைக் கடலைப் பக்கம் தெரியச் சில மூலக்கூறுகள் சூழ்ந்து, பிய்த்துக்கொண்டு போகின்றன. மஞ்சளுக்குப் பயற்றுப் பக்கம் திரும்பும். பிள்ளைகளே ஒவ்வோர் உருண்டையாகப் பிய்த்து, சுற்றிலும் கடலை மூலக்கூறுகளை அடுக்கினார்கள். உப்பு கரைந்துகொண்டிருந்தது. சர்க்கரை கரையும்போது என்ன ஆகும் என்று கேட்டேன். “முழு மூலக்கூறா வெளிய வரும், அயனி வராது” என்று முன்வரிசையில் இருந்து பதில் வந்தது.

அப்படியானால் உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாயும், சர்க்கரைத் தண்ணீரில் பாயாது. பார்த்துவிடலாம். ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு சிவப்பு எல்.இ.டி., 470 ஓம் மின்தடை ஒன்று, இரண்டு பக்கமும் சீவிய இரண்டு பென்சில்கள். எல்லாவற்றையும் ஒரே சுற்றாக வயரால் இணைத்து, எல்.இ.டி.யின் நீளமான காலைப் பேட்டரியின் நேர்முனைப் பக்கம் வைக்க வேண்டும். மின்தடையை விட்டுவிட்டு, பென்சில் முனைகள் தவறிப்போய்த் தொட்டுக்கொண்டால் எல்.இ.டி. கருகிவிடும். முனைகளை உப்பு நீரில் சில வினாடிகளுக்கு மேல் வைக்கக் கூடாது, ஏனென்றால் அங்கே குளோரின் வாயு சிறிதளவு உண்டாகும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். வீட்டு பிளக்கில் இருந்து மின்சாரம் எடுக்கவே கூடாது.

காய்ந்த கல் உப்பில் இரண்டு பென்சில் முனைகளையும் அழுத்திப் பார்த்தோம், எல்.இ.டி. எரியவில்லை. அயனிகள் இருக்கின்றன, ஆனால் அடுக்கில் பூட்டப்பட்டிருக்கின்றன. அடுத்து, சர்க்கரையைக் கரைக்க ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீரை எடுத்து, எதுவும் போடுவதற்கு முன் முனைகளை நனைத்தோம். எல்.இ.டி. மங்கலாக எரிந்தது.

சோதனை கெட்டுவிட்டதே என்று எனக்கு ஒரு கணம் பதற்றமாக இருந்தது. கடலோர ஊர், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். நான் பட்டறைக்கு ஆள் அனுப்பி, வண்டி பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு பாட்டில் வாங்கி வரச் சொன்னேன். அதில் எல்.இ.டி. எரியவில்லை. சர்க்கரை போட்டுக் கலக்கினோம், அப்போதும் எரியவில்லை. வேறொரு டம்ளரில் உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டபோது, ஒவ்வொரு சிட்டிகைக்கும் வெளிச்சம் ஏறியது.

பையன்கள் அதோடு நிற்கவில்லை. பள்ளிக் குழாய், கோயில் கிணறு, லாரித் தண்ணீர், குடத்தில் பிடித்து வைத்த மழைத் தண்ணீர் என்று நாலு டம்ளர்களை வரிசையாக வைத்து, எது எவ்வளவு பிரகாசமாக எரிகிறது என்று நோட்டில் எழுதத் தொடங்கினார்கள். கடலைப் பக்கம் போகப் போகக் கிணற்றுத் தண்ணீர் கூடுதலாக எரியுமா என்று பார்க்க, சனிக்கிழமை பாட்டில்களோடு கிளம்பினார்கள்.